செங்கல் சுவரில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஆங்கர் போல்ட்

கேள்வி: "50 லிட்டர் வாட்டர் ஹீட்டர் மாட்ட 10 எம்எம் ஆங்கர் போல்ட் ரெண்டு அடிச்சோம். செங்கல் சுவர். ஒண்ணு இறுக்க இறுக்க சுத்திக்கிட்டே இருக்கு, இன்னொண்ணு அடிச்ச இடத்துல பூச்சு விரிஞ்சிருச்சு. கெமிக்கல் ஆங்கர் போட்டா நிக்குமா, இல்ல பக்கத்துல இருக்கற கான்கிரீட் தூணுக்கு மாத்தணுமா?"

சுவர் முழுச் செங்கல்லாக இருந்து, புதிய துளைகளை ஒழுங்காகச் சுத்தம் செய்து போட்டால் கெமிக்கல் ஆங்கர் தாராளமாக நிற்கும். அதே பழைய துளைகளில் பசையை நிரப்பி ஒப்பேற்றினால் நிற்காது. தூணுக்கு மாற்றுவதும் நல்ல யோசனைதான், ஆனால் அங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அந்த இரண்டு போல்ட்டுகளும் ஏன் தோற்றன என்பது தெரிய வேண்டும். ஹீட்டரை இன்னும் மாட்டவேயில்லை, அதற்குள் சுவர் விட்டுக்கொடுத்துவிட்டது. ஆக, சுவரை உடைத்தது ஹீட்டரின் எடை இல்லை.

நீங்கள் அடித்தது விரியும் ஆங்கர். அது பிடிப்பது உராய்வினால். நட்டை இறுக்கும்போது போல்ட்டின் உள்முனையில் இருக்கும் கூம்பு, தன்னைச் சுற்றியுள்ள உறைக்குள் இழுபட்டு உறையை விரிக்கிறது. விரிந்த உறை துளையின் சுவரை நாலாபுறமும் நெருக்குகிறது. அந்த நெருக்கத்தை எதிர்த்துத் துளைச் சுவர் திருப்பித் தள்ள வேண்டும். அந்த எதிர்த்தள்ளல் இருந்தால்தான் உராய்வு, உராய்வு இருந்தால்தான் பிடிப்பு. கான்கிரீட் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். செங்கல்லுக்கு இரண்டு விதத்தில் ஆகாது. சுட்டது போதாத மென்மையான கல் என்றால் உறை நெருக்குகிற இடத்தில் தூளாகி, துளை பெரிதாகிக்கொண்டே போகும். கூம்பு இழுபடாமல் உறையோடு சேர்ந்து சுற்றும். உங்கள் முதல் போல்ட் இதுதான். நன்றாக வெந்த கெட்டியான கல் என்றால் தூளாகாது, ஆனால் ஆப்பு அடித்த விறகு போல இரண்டாகப் பிளக்கும். பூச்சில் விரிசல் காட்டிய இரண்டாவது போல்ட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் பிளந்த கல் ஒன்று இருக்கிறது. இல்லையென்றால் அது இரண்டு கல்லுக்கு நடுவே கலவை மூட்டில் இறங்கியிருக்கும்.

இப்போது ஹீட்டர் என்ன எடை போடுகிறது என்று கணக்குப் போடலாம். 50 லிட்டர் தண்ணீர் 50 கிலோ. தொட்டியும் உடலும் சேர்ந்து 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72 கிலோ. இரண்டு போல்ட்டும் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் கீழ்நோக்கித் தாங்குவது 36 கிலோ. இதைத் தவிர, ஹீட்டர் சுவரிலிருந்து வெளியே தள்ளி நிற்பதால் தலை முன்னால் சாயப் பார்க்கும்; அதனால் போல்ட்டுகள் சுவரிலிருந்து வெளியே இழுபடும். எடையின் மையம் சுவரிலிருந்து 230 மி.மீ. தள்ளி இருக்கிறது, மேலே உள்ள போல்ட்டுக்கும் கீழே ஹீட்டர் சுவரில் முட்டிக்கொள்ளும் இடத்துக்கும் 400 மி.மீ. உயரம் என்றால், 72-ஐ 230-ஆல் பெருக்கி 400-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 41 கிலோ. இரண்டு போல்ட்டுக்கும் பிரித்தால் ஆளுக்கு 21 கிலோ இழுப்பு. அவ்வளவுதான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. அந்த 400 மி.மீ. கணக்கு, ஹீட்டரின் கீழ்ப்பாகம் உண்மையாகவே சுவரில் முட்டி நின்றால்தான் செல்லும். கீழே வைக்க வேண்டிய ரப்பர் முட்டுக்கட்டையை விட்டுவிட்டால், பிராக்கெட்டின் கீழ் விளிம்புதான் முட்டும் இடமாகிவிடும். பிராக்கெட் போல்ட்டுக்குக் கீழே 80 மி.மீ. மட்டுமே நீண்டிருந்தால் அதே கணக்கில் மொத்த இழுப்பு 207 கிலோ, ஒரு போல்ட்டுக்கு 100 கிலோவுக்கு மேல். எடையும் அதே, போல்ட்டும் அதே, ஒரு சின்ன முட்டுக்கட்டை இல்லாததற்காக இழுப்பு 5 மடங்கு. மாட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து ஸ்பானர். 25 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ அழுத்தம் கொடுப்பது யாருக்கும் பெரிய வேலை இல்லை. அது சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 10 எம்எம் போல்ட்டில், எண்ணெய் போடாத சாதாரண மரைக்கு, இந்த முறுக்கு போல்ட்டை இழுக்கும் விசை ஏறத்தாழ 1,250 கிலோ. கொஞ்சம் பலமாக 20 கிலோ அழுத்தினால் அது 2,500 கிலோ, அதாவது சாதாரண தரத்துப் போல்ட்டின் இரும்பே நீளத் தொடங்கும் அளவு. ஹீட்டர் கேட்பது 21 கிலோ. ஸ்பானர் கொடுப்பது ஆயிரக்கணக்கில். கான்கிரீட்டில் இப்படி இறுக்குவது அவசியம், ஏனென்றால் அந்த முறுக்குதான் கூம்பை இழுத்து உறையை விரிக்கிறது. செங்கல்லில் அதே முறுக்குதான் கல்லைக் கொல்கிறது. மெதுவாக இறுக்கினால் உறை சரியாக விரியாது, பலமாக இறுக்கினால் கல் உடையும். செங்கல்லில் விரியும் ஆங்கருக்கு நடுவழி மிகக் குறுகலானது. ஒருவேளை அன்றைக்கு நின்றாலும், நெருக்கப்பட்ட கல் மெல்ல மெல்ல இளகி நெருக்கம் குறையும். ஆறு மாதம் கழித்து போல்ட் ஆடுகிறது என்று வரும் புகார்களில் பல இப்படிப்பட்டவை. கனமான சாமானுக்குச் செங்கல்லில் விரியும் ஆங்கர் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கெமிக்கல் ஆங்கர் சுவரை நெருக்குவதில்லை. துளைக்குள் ரெசினும் ஹார்ட்னரும் கலந்த பசை போய், மரை போட்ட கம்பியைச் சுற்றிக் கல்லாக இறுகுகிறது. கம்பியின் மரையையும் துளைச் சுவரின் சொரசொரப்பையும் பசை கவ்விக்கொள்வதால் சுமை கம்பியின் முழு நீளத்துக்கும் பரவுகிறது. ஓரிடத்தில் குவிந்து கல்லைப் பிளக்காது. ஆனால் பசை எவ்வளவு வலுவாக இருந்தாலும் கடைசியில் இழுபடுவது செங்கல்தான். பசையின் டப்பாவில் போட்டிருக்கும் பெரிய எண்கள் பெரும்பாலும் கான்கிரீட்டுக்கானவை. செங்கல்லுக்கு அதே கம்பி தாங்குவது அதில் ஒரு சிறு பங்குதான். நல்ல முழுச் செங்கல்லில் 10 எம்எம் கம்பிக்கு, பாதுகாப்பு விகிதத்தைக் கழித்த பிறகு, 50 கிலோ இழுப்பு என்று வைத்துக்கொள்வது நிதானமான கணக்கு. உங்களுக்குத் தேவை 21. ஒரு கம்பி முழுச் சுமையையும் வாங்கினால்கூட 41. ஆகையால் போதும்.

துளை போடும் முன் சுவர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். 6 எம்எம் பிட்டால், ஹேமர் மோட் போடாமல், வெறும் சுழற்சியில் ஒரு சோதனைத் துளை போட்டால் போதும். முதல் 15 முதல் 20 மி.மீ. வரை வெளிவரும் சாம்பல் நிறத் தூள் பூச்சு. அதன்பின் சிவப்புத் தூள் ஒரே சீராக வந்துகொண்டே இருந்தால் முழுச் செங்கல். சிவப்பு வந்து, பிட் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்து, மறுபடி முட்டினால் துளைச்செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்து பிட் விழுந்தால் ஹாலோ பிளாக். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல பிட் இறங்கி, சாம்பல் கலந்த வெள்ளையாக மென்மையான தூள் வந்தால் அது காற்றுக்குமிழி நிறைந்த இலகு பிளாக். அதற்குத் தனியான ஆங்கர்களும் தனி அட்டவணையும் உண்டு, இங்கே சொல்லும் எண்களை அதில் போட்டுப் பார்க்காதீர்கள். மஞ்சளோ சாம்பலோ கலந்த மணல் தூளே கடைசிவரை வந்தால் நீங்கள் மூட்டில் இருக்கிறீர்கள். ஒரு விரற்கடை தள்ளி மறுபடி போடுங்கள்.

சுவரின் கனமும் முக்கியம். ஒரு செங்கல்லின் அகலமே சுவரின் கனமாக இருந்தால், அதாவது சுமார் 110 மி.மீ. தடுப்புச் சுவர் என்றால், 90 மி.மீ. ஆழத் துளைக்குப் பின்னால் மிஞ்சுவது 20 மி.மீ. கல் மட்டுமே. ஹேமரில் போட்டால் பின்பக்கம் சில்லாகப் பெயர்ந்துவிடும். பசையும் அந்த வழியாக ஓடிவிடும். அத்தகைய சுவரில் பசையோடு மல்லுக்கட்டுவதைவிட, மரைக்கம்பியைச் சுவரின் மறுபக்கம்வரை ஊடுருவ விட்டு, அந்தப் பக்கம் 100 மி.மீ. சதுரமும் 6 மி.மீ. கனமும் உள்ள இரும்புத் தகடு வைத்து நட் போடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் கல்லை இழுக்காமல் சுவரையே பின்னாலிருந்து பிடித்துக்கொள்வதால் இதைவிட நம்பகமான முறை தடுப்புச் சுவருக்கு இல்லை.

முழுச் செங்கல், கனமான சுவர் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். புதிய துளை பழைய துளையிலிருந்து குறைந்தது ஒரு முழுக் கல் தள்ளி இருக்கட்டும். பிளந்த கல் பிளந்ததுதான், அதைப் பசை ஒட்டவைத்து மீட்டுவிடாது. இரண்டு கம்பிகளும் ஒரே கல்லில் இறங்காமல் வெவ்வேறு கல்லில் இறங்க வேண்டும். ஒவ்வொன்றும் கல்லின் முகத்தின் நடுவே வர வேண்டும். பூச்சுக்குப் பின்னால் கல் எங்கே என்று தெரியாது என்பீர்கள்; உடைந்த துளையைச் சுற்றிப் பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தால் ஒரு மூட்டு தெரியும், அதிலிருந்து அளந்துவிடலாம். சுவரின் உச்சி வரிசையும் ஜன்னல் ஓரமும் தவிர்க்க வேண்டிய இடங்கள். மேலே எடை இல்லாத கல் கம்பியோடு சேர்ந்து முழுதாகவே உருவிக்கொண்டு வரும்.

10 எம்எம் கம்பிக்கு 12 எம்எம் துளை. ஆழம் 90 மி.மீ., அதுவும் செங்கல் முகத்திலிருந்து. பூச்சு 20 மி.மீ. என்றால் வெளியிலிருந்து 110 மி.மீ. பிட்டில் அந்த அளவில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஹேமர் இல்லாமல் போடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் துளை வட்டமாக வரும், கல் அதிராது.

இனிச் சொல்வதுதான் இந்த வேலையில் பாதி. துளைக்குள் இருக்கும் தூளை எடுக்காமல் பசையை விட்டால், பசை ஒட்டுவது தூளோடு. தூள் ஒட்டியிருப்பது எதனோடும் இல்லை. இறுகிய பின் கம்பியை இழுத்தால், மாவில் புரட்டியது போல மேலே சிவப்புத் தூள் பூசிய பசைக் குழாய் முழுசாக வெளியே வரும். அப்படி வெளிவந்த குழாயின் மேற்பரப்பைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்: கல்லின் சில்லுகள் ஒட்டியிருந்தால் பசை வேலை செய்திருக்கிறது, கல்தான் தோற்றது, வழவழவென்று தூள் படிந்திருந்தால் சுத்தம் செய்தவர் தோற்றார். சுத்தம் செய்யும் முறை இது. துளையின் அடிவரை போகும் குழாயை வைத்துக் கைப்பம்பால் 4 முறை ஊதுங்கள். துளையை விடச் சற்றுப் பெரிய கம்பி பிரஷ்ஷை அடிவரை விட்டு 4 முறை சுழற்றி இழுங்கள். மறுபடி 4 முறை ஊதுங்கள். பிரஷ் உள்ளே போகும்போது உரசி எதிர்க்க வேண்டும். சும்மா போய்வந்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். வாயால் ஊதுவது வேண்டாம், எச்சில் ஈரமும் சேரும், கண்ணிலும் தூள் விழும். தண்ணீர் விட்டுக் கழுவுவது இன்னும் மோசம். செங்கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு துளைச் சுவரில் சேறு படிந்துவிடும். கடைசி ஊதலில் தூள் பறப்பது நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். எண்ணிக்கையும் பம்பின் வகையும் பசைக்குப் பசை மாறும். டப்பாவில் போட்டிருப்பது இதைவிட அதிகம் என்றால் அதையே பின்பற்றுங்கள்.

கார்ட்ரிட்ஜில் நாசிலை மாட்டியதும் முதலில் வருவது சரியாகக் கலக்காத பசை. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு என்று கோடுகோடாக வரும். நிறம் ஒரே சீராகும் வரை அட்டையில் பிதுக்கி வீசிவிட வேண்டும். வீணாகிறதே என்று துளைக்குள் விட்டால் அந்தப் பகுதி எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். பிறகு நாசிலைத் துளையின் அடியில் முட்டவைத்து, பிதுக்கப் பிதுக்க மெல்லப் பின்வாங்குங்கள். துளையின் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால் போதும். 12 எம்எம் துளை 90 மி.மீ. ஆழத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு துளைக்கு 7 மில்லி லிட்டர்தான் ஆகிறது. வாய்ப்பக்கம் மட்டும் பிதுக்கினால் அடியில் காற்று அடைபடும், கம்பியைத் தள்ளும்போது அது பசையை வெளியே துப்பும். பார்ப்பவருக்குத் துளை நிரம்பியது போலவே இருக்கும்.

கம்பியில் எண்ணெய் இருக்கக் கூடாது. புதுக் கம்பியை ஒருமுறை துடைத்துவிட்டு, கையால் திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம். அடியில் முட்டும்போது துளை வாயைச் சுற்றி வளையம் போலக் கொஞ்சம் பசை பிதுங்கி வர வேண்டும். வரவில்லை என்றால் பசை குறைவு. கம்பியை எடுத்து உடனே மேலும் விடுங்கள். அதன்பின் கையை எடுத்துவிடுங்கள். நேராக நிற்கிறதா என்று அசைத்துப் பார்க்கும் ஆசை வரும். பசை உறையத் தொடங்கியபின் ஒருமுறை அசைத்தாலும் ஒட்டியது விட்டுவிடும், அது மறுபடி ஒட்டாது. பாலியெஸ்டர், வினைலெஸ்டர் வகைப் பசைகள் 30 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலும் சில நிமிடங்களில் உறையும், சுமை தாங்க அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கொடுக்க வேண்டும். எபாக்ஸி வகை மிக மெதுவானது. பல மணி நேரம், குளிரில் ஒரு நாளுக்கும் மேல். நம்ப வேண்டியது கார்ட்ரிட்ஜில் அச்சிட்ட அட்டவணையை. அதிலும் பார்க்க வேண்டியது அறையின் வெப்பம் இல்லை, சுவரின் வெப்பம். துளை ஈரமாக இருந்தால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். காலாவதித் தேதியும் பாருங்கள், பழைய பசை நாசிலில் இருந்து கட்டிகட்டியாக வரும்.

சோதனைத் துளையில் வெற்றிடம் தென்பட்டால் வேலை மாறுகிறது. துளைச்செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ வெறுமனே பசையைப் பிதுக்கினால் அது உள்ளறைகளில் விழுந்துகொண்டே இருக்கும், கார்ட்ரிட்ஜ் காலியாகும், கம்பியைச் சுற்றி ஒன்றும் நிற்காது. அதற்குத்தான் வலைக்குழாய். 10 எம்எம் கம்பிக்குப் பொதுவாக 16 எம்எம் வலைக்குழாய் வரும், துளையும் அதற்கேற்றபடி. குழாயைத் துளைக்குள் செருகி, உள்ளே அடியிலிருந்து வாய்வரை முழுதும் நிரப்ப வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு போதாது. 85 மி.மீ. நீளக் குழாய்க்கு 17 மில்லி லிட்டர் ஆகும். கம்பியைத் தள்ளும்போது பசை வலைக்கண்கள் வழியே பிதுங்கி, அறைக்குள் குமிழாகத் திரண்டு கல்லின் உள்முகத்தை முடிச்சுப் போட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். தாங்கும் சுமை முழுச் செங்கல்லை விடக் குறைவு. துளைச்செங்கல் என்றால் இரண்டு கம்பிக்குப் பதில் நாலு கம்பி போட்டு, இரும்புப் பட்டையில் சேர்த்து ஹீட்டரை மாட்டுவது நல்லது.

இறுகிய பின் நட்டை எவ்வளவு இறுக்குவது? இங்கேதான் பழக்க தோஷம் திரும்ப வரும். பசை ஆங்கருக்கு இறுக்கினால்தான் பிடிக்கும் என்ற நிலை இல்லை, அது ஏற்கெனவே பிடித்துவிட்டது. நட்டின் வேலை பிராக்கெட் ஆடாமல் பார்த்துக்கொள்வது மட்டும். முழுச் செங்கல்லில் 10 எம்எம் கம்பிக்கு 8 நியூட்டன் மீட்டர் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது, துளைச்செங்கல்லில் அதில் பாதி. 8 நியூட்டன் மீட்டர் என்பதே போல்ட்டில் 400 கிலோ இழுப்பு என்று முன் சொன்ன கணக்கில் வரும். டார்க் ரென்ச் இல்லை என்றால் சிறிய ஸ்பானரை மூன்று விரலால் பிடித்து, தடைபட்டதும் கால் சுற்று. பெரிய ஸ்பானரை எடுக்காதீர்கள்.

பூச்சு ஒரு தொல்லை. பிராக்கெட் உட்கார்ந்திருப்பது பூச்சின் மேல், கம்பி பிடித்திருப்பது 20 மி.மீ. பின்னால் செங்கல்லில். பூச்சு பொருக்காக இருந்தால் நட்டை இறுக்கும்போது அது நொறுங்கிப் பிராக்கெட் தளரும். எடை கீழே இழுக்கும்போது கம்பி அந்த 20 மி.மீ. நீளத்துக்கு வளையப் பார்க்கும். தட்டிப் பார்த்து வெற்று ஒலி வந்தால் பிராக்கெட் வரும் இடத்தில் மட்டும் பூச்சைச் செதுக்கி எடுத்து, சிமெண்ட் கலவை வைத்து மட்டமாக்கி, அது இறுகிய பின் மாட்டுங்கள்.

இனித் தூண். கான்கிரீட்டில் 10 எம்எம் விரியும் ஆங்கர் 60 மி.மீ. ஆழத்தில், நடுவில் தனியாக நின்றால், பாதுகாப்பு விகிதம் போக 300 கிலோவுக்குமேல் இழுப்பைத் தாங்கும். உங்கள் 21 கிலோவெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் "நடுவில் தனியாக" என்பதைக் கவனியுங்கள். ஆங்கரை இழுத்தால் கான்கிரீட் உடைவது ஒரு புனல் வடிவத்தில். புனலின் வாய், ஆழத்தைப் போல மூன்று மடங்கு அகலம். 60 மி.மீ. ஆழத்துக்கு 180 மி.மீ. ஆகவே முழு வலிமை கிடைக்க ஓரத்திலிருந்து 90 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், இரண்டு ஆங்கருக்கு நடுவே 180 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் தூண் 230 மி.மீ. அகலம் என்றால் ஹீட்டரின் இரண்டு கொக்கிகளையும் 180 மி.மீ. இடைவெளியில் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து 25 மி.மீ.தான் இருக்கும். இறுக்கும்போதே தூணின் மூலை சில்லாகத் தெறிக்கும். அங்கே தூணின் கம்பியும் நிற்கிறது; பிட் இரும்பில் முட்டி நின்றால் அறுத்துக்கொண்டு போகாமல் நகர்த்திப் போட வேண்டும், ஏனென்றால் அந்தக் கம்பிதான் வீட்டைத் தாங்குகிறது.

இதற்கு எளிய வழி, தூணின் நடுக்கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஆங்கர் போட்டு, அதில் ஓர் இரும்புச் சேனலை நிறுத்தி, ஹீட்டர் கொக்கிகளைச் சேனலில் பற்றவைத்த குறுக்குப் பட்டையில் தொங்கவிடுவது. ஓரத்துக்கு 115 மி.மீ. கிடைக்கும். அதற்கு இடமில்லை, ஓரத்தில்தான் வைத்தாக வேண்டும் என்றால், அப்போது கான்கிரீட்டிலும் கெமிக்கல் ஆங்கரே மேல், காரணம் அது ஓரத்தை வெளியே தள்ளாது. கெமிக்கல் ஆங்கரின் அருமை பலம் அதிகம் என்பதில் இல்லை; ஓரத்திலும் மென்மையான கல்லிலும் தள்ளாமல் நிற்கிறது என்பதில்தான். ஓரத்தில் தாங்கும் சுமை குறையும் என்பது அதற்கும் உண்டு, 50 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள்.

கான்கிரீட்டில் விரியும் ஆங்கர் சரியாக உட்கார்ந்தது எப்படித் தெரியும் என்றால், நட் கையால் இறுகிய பிறகு இரண்டு மூன்று சுற்றுக்குள் முறுக்கு கிடுகிடுவென்று ஏறிக் குறிப்பிட்ட அளவைத் தொட வேண்டும். அதற்குமேலும் சுற்றிக்கொண்டே போனால் உறை வழுக்குகிறது. அந்த அளவு 10 எம்எம்முக்குப் பல தயாரிப்புகளில் 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், டப்பாவில் போட்டிருப்பதே சரி. மறுநாள் பார்த்தால் முறுக்கு ஏறத்தாழ பாதிக்கு இறங்கியிருக்கும். அது இயல்பு, கான்கிரீட் நெருக்கத்துக்குப் பழகிக்கொள்கிறது. அதைப் பார்த்துப் பயந்து வாராவாரம் இறுக்கினால் கூம்பு முழுக்க இழுபட்டுவிடும்.

கெமிக்கல் ஆங்கருக்குச் சில எல்லைகள் உண்டு. மேற்கூரையிலிருந்து எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் சுமைக்கு, நீடித்த இழுப்புக்கென்று சோதித்துச் சான்று பெற்ற பசையைத் தவிர வேறொன்றைப் போடக் கூடாது. 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் சுமார் 26 டன் எடையோடு கார் ஒன்றின் மேல் விழுந்து ஒருவர் இறந்தார். அவற்றைத் தாங்கிய கம்பிகள் எபாக்ஸியில் ஒட்டியவை. வேகமாக உறையும் அந்த எபாக்ஸி நீடித்த சுமையில் மெல்ல மெல்ல இழுபட்டு நீண்டுபோனது என்று விசாரணை கண்டறிந்தது. போட்ட அன்று சோதித்தபோது அது நின்றது, அதுதான் இதில் உள்ள ஆபத்து. உங்கள் ஹீட்டரில் பெரும்பங்கு சுமை கீழ்நோக்கி, கம்பியின் குறுக்கே விழுகிறது, இழுப்பு சிறியது, அதனால் இது உங்களுக்குக் கவலை இல்லை. சூட்டில் பசை இளகும் என்பதும் உண்மை, ஆனால் தொட்டியின் வெளிப்புறம் காப்பு போட்டிருப்பதால் சுவர் அவ்வளவு சூடாகாது. குளியலறை ஈரம்தான் உண்மையான எதிரி. மெல்லிய துத்தநாகப் பூச்சுக் கம்பி துரு பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் நட்டும் வாங்குங்கள்.

தொட்டியை மாட்டும் முன் ஒரு சோதனை செய்துவிடலாம். பிராக்கெட்டை மட்டும் மாட்டி, பசை முழுதும் இறுகிய பின், ஒரு வலுவான கயிற்றைக் கொக்கிகளில் போட்டு ஒருவர் தன் முழு எடையோடு ஒரு நிமிடம் தொங்கட்டும், கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டும். கம்பியையும் துளை வாயையும் இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். இது செங்குத்துச் சுமையைத்தான் சோதிக்கிறது, வெளியே இழுக்கும் சுமையை அல்ல. அதற்குக் கயிற்றைச் சுவரிலிருந்து விலக்கி, சாய்வாகப் பிடித்து இழுத்தும் பாருங்கள். துளை வாயில் இருக்கும் பசை வளையத்துக்கும் கல்லுக்கும் நடுவே மயிரிழை விரிசல் தோன்றினால் அந்தக் கம்பியை நம்பாதீர்கள், வேறு கல்லில் மறுபடி போடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நட்டின் மேலும் கம்பியின் முனையிலும் சேர்த்து மார்க்கரால் ஒரே கோடு போட்டுவிட்டு, தொட்டியை மாட்டி, கீழ் முட்டுக்கட்டை சுவரைத் தொடுகிறதா என்று ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். காகிதம் சுலபமாக நுழைந்தால் முட்டுக்கட்டையின் பின்னால் இன்னொரு ரப்பர் வையுங்கள். தண்ணீர் நிரப்பி ஒரு மாதம் கழித்து அந்த மார்க்கர் கோடு உடையாமல் இருக்கிறதா, பிராக்கெட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே அதே காகிதம் நுழைகிறதா என்று பாருங்கள். மேலே நுழையத் தொடங்கினால் கம்பி வெளியே நகர்கிறது; அன்றைக்கே தண்ணீரை இறக்கிவிட்டுத் தொட்டியைக் கழற்றிவிடுங்கள்.